கச்சானில் எத்தனை கிராம் புரதம்?

எனது மூத்தம்மாவுக்குச் சிறுநீரக நோய். ஒரு நாளைக்கு 40 கிராம் புரதத்துக்கு மேல் சாப்பிடக் கூடாதென்று கிளினிக்கில் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் கணக்குப் பார்க்கும் வேலை எனக்கு.

முதல் நாளே கச்சானில் சிக்கினேன். FoodData Central என்ற அமெரிக்க அரசின் தரவுத்தளத்தில் 100 கிராம் பச்சைக் கச்சானில் 25.8 கிராம் புரதம் என்றிருந்தது. பொதிகளில் உள்ள விபரங்களைத் திரட்டும் Open Food Facts இல், ஐரோப்பாவில் விற்கும் ஒரு கச்சான் பொதிக்கு 29 என்றிருந்தது. இரண்டுமே வறுக்காத, உப்பிடாத கச்சான்தான். இதை முதலில் பார்த்துவிட வேண்டும். உலர்ந்த பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் இருந்தாலும், அவித்த பின் நீர் சேர்வதால் அதே 100 கிராமில் 9 தான் இருக்கும்.

பிறகுதான் காரணம் விளங்கியது. ஆய்வுகூடத்தில் வழமையாகப் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. உணவிலுள்ள நைதரசனை அளந்து, ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். 1883 இல் டென்மார்க்கைச் சேர்ந்த கெல்டால் தந்த முறை இன்றும் பயன்படுகிறது. புரதத்தில் 16 வீதம் நைதரசன் என்று கொண்டால், 100 ஐ 16 ஆல் வகுக்க 6.25 வரும். ஆனால் கச்சான் புரதத்தில் நைதரசன் கூடுதல். அதற்குரிய எண் 5.46. அமெரிக்கத் தரவுத்தளம் அந்த எண்ணைப் பாவிக்கிறது. ஐரோப்பியப் பொதிச் சட்டமோ எல்லா உணவுக்கும் 6.25 என்கிறது.

செய்து பார்த்தேன். 25.8 ஐ 5.46 ஆல் வகுத்தால் நைதரசன் 4.73 கிராம். அதை 6.25 ஆல் பெருக்கினால் 29.5. பொதியிலுள்ள 29 க்கு மிகக் கிட்ட! மீதி அரைக் கிராம் கச்சான் இனத்தாலோ ஈரப்பதத்தாலோ வந்திருக்கலாம்.

"ஒரு பிடிக்கு ஒரு கிராம்தானே வித்தியாசம்" என்றார் உம்மா. உண்மைதான். ஆனால் கோதுமை மாவுக்கும் அரிசிக்கும் இதே கதை. மூத்தம்மாவின் ஒரு நாள் உணவைக் கூட்டியபோது ஒன்றின்படி 39, மற்றதன்படி 41 வந்தது.

எதை எடுப்பது? கச்சானுக்குரிய எண்தான் சரியானது, அதையே எடுப்போம் என்று நினைத்திருந்தேன். அது பிழை. மனிதருக்கு எவ்வளவு புரதம் தேவை என்ற அளவுகளே நைதரசனை அளந்து 6.25 ஆல் பெருக்கிப் பெற்றவை. சிறுநீரகத்துக்குச் சுமையாகும் யூரியாவும் அந்த நைதரசனிலிருந்துதான் வருகிறது. எனவே வரம்பும் உணவும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். கச்சானில் உண்மையான புரதம் எவ்வளவு என்று மட்டும் அறிய விரும்புபவருக்கு 5.46 பொருந்தும்.

அடுத்த கிளினிக்கில் உணவு ஆலோசகரிடம் இரண்டு தாள்களையும் நீட்டினேன். தமது அட்டவணையும் 6.25 தான் என்றார். மூத்தம்மாவின் கச்சான் பிடி பாதியானது. அவருக்கு என்மேல் இன்னும் கோபம்.