தக்கையைப் பிடுங்கினால் இரு மடங்கு உந்து

நான்கு சக்கரங்களின் மேல் உயரமான தண்ணீர்த் தொட்டி. அதன் பக்கச் சுவரில், அடியோரமாக 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளை, தக்கை வைத்து அடைத்திருக்கிறது. துளைக்கு மேலே 1 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர். தக்கையை நீர் வெளியே தள்ளும் விசை சுமார் 314 கிராம் எடைக்குச் சமம். எதிர்ச் சுவரிலும் அதே அளவு இடத்தை நீர் அதே விசையோடு தள்ளுவதால், வண்டி அசைவதில்லை.

தக்கையைப் பிடுங்கினால் நீர் ஒரு பக்கம் பாயும். வண்டியை மறுபக்கம் தள்ளும். எவ்வளவு விசையோடு?

தக்கையின் மேல் இருந்த விசை போய்விட்டது, எதிர்ச் சுவரின் 314 கிராம்தான் மிச்சம் என்றே முதலில் தோன்றும். ஆனால் உந்துவிசை இரு மடங்கு வரை, அதாவது 628 கிராம் வரை போகும். பாயும் நீரின் இந்த எதிர்விசையை டேனியல் பெர்னூலி 1738-இல் வெளிவந்த ‘ஹைட்ரோடைனமிகா’ நூலில் ஆராய்ந்தார். அதைக் கொண்டு கப்பலை நகர்த்தலாம் என்றும் எழுதினார்.

மீதி 314 கிராம் துளையைச் சுற்றியுள்ள சுவரிலிருந்து வருகிறது. துளையை நெருங்கும் நீர் வேகம் எடுக்கிறது. வேகம் எடுத்த நீரின் அழுத்தம் குறைகிறது. அதனால் துளையின் மீது மட்டுமல்ல, அதன் ஓரங்களிலும் தள்ளு குறைந்துவிடுகிறது. எதிர்ச் சுவரில் நீர் ஏறக்குறைய அசையாமல் நிற்பதால் அங்கே எதுவும் குறைவதில்லை.

முழு இரு மடங்கும் கிடைக்க, துளையின் உள்விளிம்பு புனல்போல வழவழப்பாக வளைந்திருக்க வேண்டும். தகரத்தில் கூராக வெட்டிய துளை என்றால், வெளியே வந்ததும் நீர்த்தாரை சுருங்கி, துளைப் பரப்பில் சுமார் 62 சதவீதமே ஆகிறது. உந்துவிசையும் 390 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். துளையில் ஒரு குட்டிக் குழாயைத் தொட்டிக்குள் நீட்டி வைத்தாலோ, சுவரோரத்து நீர் வேகம் எடுப்பதே இல்லை. தாரை பாதியாகச் சுருங்குகிறது. அப்போதுதான் முதலில் தோன்றிய 314 கிராம் சரியான விடையாகிறது.

இந்த வேறுபாட்டை வண்டியே காட்டிவிடும். தொட்டியில் 40 லிட்டர் தண்ணீர், வெறும் வண்டி 10 கிலோ, சக்கரங்களின் தடை மொத்த எடையில் நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோவை நகர்த்த 500 கிராம் விசை வேண்டும். கூர்விளிம்புத் துளையால் அது முடியாது. வளைந்த வாய் இருந்தால் வண்டி மெல்ல நகரும்.

நீர் வடிய வடிய எடை குறைகிறது. உந்துவிசை அதைவிட விரைவாகக் குறைகிறது. நீர்மட்டம் 44 சென்டிமீட்டரைத் தொடும்போது தள்ளும் விசையும் தடையும் சமம். அதற்குக் கீழே போனால், துளையில் நீர் பாய்ந்துகொண்டிருந்தாலும் வண்டி வேகம் இழக்கத் தொடங்கும்.