தேயிலைக் களஞ்சியமும் அதன் அளவைகளும்: ஹல்துமுல்லையிலிருந்து ஒரு நோக்கு

ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டங்களில் தயாராகும் தேயிலை, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகக் கொழும்புக்கு இறங்குகிறது. அங்கே களஞ்சியத்தில் தங்கி, 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தில் விலைபோகிறது. இக்களஞ்சியத்தின் செயற்றிறனை அளக்க மூன்று அளவைகள் வழக்கில் உள்ளன. அவை எதைக் காட்டுகின்றன, எதை மறைக்கின்றன என்பதை இங்கு நோக்குவோம்.

முதலாவது, சரக்கு வாயிலை அடைந்ததிலிருந்து இருப்பிற் சேரும் வரையான நேரம். தேயிலையைப் பொறுத்தவரை, நிறுத்து, மாதிரி எடுத்து, பதிவேட்டில் ஏற்றிய பின்னரே அது இருப்பாகும். ஓர் உதாரணம் கொள்வோம். புதன் இரவு எட்டு மணிக்கு லொறி வந்து வாயிலிற் காத்து நிற்கிறது. வியாழன் காலை எட்டு மணிக்குச் சாக்குகள் இறக்கப்படுகின்றன. வெள்ளி காலை எட்டு மணிக்குப் பதிவு முடிகிறது. வாயிலிலிருந்து கணக்கிட்டால் 36 மணி; இறக்கியதிலிருந்து கணக்கிட்டால் 24 மணி. களஞ்சியம் தன் இலக்கை 24 மணி என வகுத்து, இறக்கியதிலிருந்து எண்ணுமாயின், அறிக்கையிற் குறையெதுவும் தோன்றாது. ஆனால் ஏலப் பட்டியல் வியாழன் மாலையுடன் மூடப்பட்டிருந்தால், அத்தேயிலை அடுத்த வார ஏலத்துக்கே செல்லும். சில மணித்தாமதம் தோட்டத்துக்கு ஏழு நாட்தாமதமாகிறது.

இரண்டாவது, சரக்கைத் தெரிந்தெடுக்கும் துல்லியம். ஒரே தரத்தைச் சேர்ந்த குறித்தளவு சாக்குகள் ஒரு தொகுதி எனப்படும். ஒரு கொள்வனவாளர் தொகுதிக்கு இருபது சாக்குகளாக ஐந்து தொகுதிகளைக் கோருகிறார் எனக் கொள்வோம். நூறு சாக்குகளுள் இரண்டு, அயலிலுள்ள வேறு தொகுதியிலிருந்து மாறி வந்துவிட்டன. சாக்குக் கணக்கில் துல்லியம் 98 வீதம்; தொகுதிக் கணக்கில் 80 வீதம்; கட்டளைக் கணக்கிலோ சுழியம். எண்ணிக்கை நூறாகவே இருப்பதால் எண்ணிப் பார்த்தால் பிழை புலப்படாது. சாக்கின் மேலுள்ள தோட்டக் குறியையும் தொகுதி இலக்கத்தையும் ஒப்பிட்டாலே புலப்படும். அன்றேல், மற்றத் தொகுதியை வாங்கியவர் தம் சரக்கை எடுக்க வரும் நாளிலேதான் அது வெளிப்படும்.

மூன்றாவது, கட்டளை கிடைத்ததிலிருந்து சரக்கு ஒப்படைக்கப்படும் வரையான நேரம். ஐந்து தொகுதிகளுள் நான்கு ஒரு நாளிலும் ஒன்று ஆறு நாளிலும் சென்றால், சராசரி இரண்டு நாள். ஆனால் ஐந்தையும் கலந்து ஏற்றுமதி செய்பவர் ஆறாம் நாள் வரை கலவையைத் தொடங்க இயலாது. எனவே சராசரியுடன் மிக நீண்ட நேரத்தையும் குறிப்பது அவசியம்.

இம்மூன்றும் களஞ்சியத்தின் வாயிலிலே தொடங்கி வாயிலிலே முடிகின்றன. தோட்டத்தின் கடிகாரமோ கொழுந்து கொய்த காலையிலே ஓடத் தொடங்கி, விற்ற பணம் கைக்கு வரும் வரை நிற்பதில்லை. வரண்ட காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான பருவத்திலேதான் ஊவாத் தேயிலையின் தனி மணம் உருவாகிறது. அப்பருவத்தின் சரக்கு ஒரு வாரம் பிந்துமாயின், களஞ்சியத்தின் அறிக்கையில் அதற்கு இடமில்லை. ஆதலால் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நேரத்தையும், எந்த ஏலப் பட்டியலிற் சேர்ந்தது என்பதையும் ஒவ்வொரு தொகுதிக்கும் பதிந்து வைத்தால் மட்டுமே, தாமதம் எங்கே நிகழ்ந்தது என்பதைத் தோட்டத்தார் கேட்டறிய முடியும்.