தோசை ஆறியிருந்ததா?

பில் கட்டும்போது கல்லாவில் இருப்பவர் "சாப்பாடு எப்படி சார் இருந்தது?" என்று கேட்பார். "நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டு, நாம் சோம்பை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு வந்துவிடுவோம். சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்ததை வீட்டுக்கு வரும் வழியில்தான் பேசுவோம். முகத்துக்கு நேரே குறை சொல்ல நம்மில் பலருக்கும் கூச்சம். அதனால்தான் சில உணவகங்கள் பில்லோடு ஒரு சிறு கேள்வி அட்டையும் வைக்கின்றன. ஆனால் அந்த அட்டைகளில் பாதி, கல்லாக்காரர் கேட்ட அதே கேள்வியைத்தான் அச்சில் கேட்கின்றன.

"எங்கள் சுவையும் சேவையும் திருப்தியா?" என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். இது உண்மையில் இரண்டு கேள்வி. வடை பிரமாதம், ஆனால் தண்ணீர் வைக்கவே பத்து நிமிடம் என்றால் எதை டிக் அடிப்பது? அப்படியே 'இல்லை' என்று பதில் வந்தாலும், மாஸ்டரிடம் பேசுவதா, சப்ளையரிடம் பேசுவதா என்று முதலாளிக்குத் தெரியாது. பதிலைப் படித்ததும் நாளைக் காலை யார் எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்தால் அது கேட்கத்தக்க கேள்வி.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கீழே ஒரு ஹால், மாடியில் ஏசி ஹால் உள்ள நடுத்தரமான சைவ உணவகம். அட்டையில் இரண்டே கேள்வி. "தோசை மேசைக்கு வந்தபோது எப்படி இருந்தது: சூடாக, வெதுவெதுப்பாக, ஆறிப்போய்?" அடுத்தது, "ஒன்றே ஒன்றை மாற்றச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?" அட்டையை மேசையில் வைக்கும் முன்பே மேசை எண்ணையும் நேரத்தையும் சப்ளையர் எழுதிவிடுகிறார். பெயரும் செல்போன் எண்ணும் கேட்பதில்லை. கேட்டால் பலர் அட்டையைத் தொடவே மாட்டார்கள்.

இரண்டு வாரத்தில் 120 அட்டைகள் திரும்பி வந்தன, அவற்றில் 36 'ஆறிப்போய்' என்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இதை மட்டும் பார்த்தால் முதலாளி நேராகப் போய் தோசை மாஸ்டரைத்தான் கடிந்துகொள்வார். மேசை எண்படி பிரித்தால் கதை மாறுகிறது. கீழ் ஹாலின் 80 அட்டைகளில் 8 பேர்தான் அப்படிச் சொல்கிறார்கள். மாடியின் 40-ல் 28 பேர். தோசைக்கல்லில் ஒரு கோளாறும் இல்லை. ஒரு காலை நேரம் அங்கேயே நின்று பார்த்தால் காரணம் கண்ணில் படும்: ஒவ்வொரு தட்டுக்கும் படியேற அலுத்து, நாலு தட்டு சேரட்டும் என்று சப்ளையர் காத்திருக்கிறார். முதலில் வந்த தோசை அங்கேயே பாதி ஆறிவிடுகிறது, மீதியை ஏசி பார்த்துக்கொள்கிறது.

இந்த இடத்தில் சப்ளையரின் சம்பளத்தில் கைவைத்தால் திட்டம் அன்றோடு முடிந்தது. மறுநாளிலிருந்து முகம் சுளித்தவர்களின் மேசைக்கு அட்டை போகாது, போனாலும் குப்பைக்கூடைக்குப் போய்விடும். அட்டைகளுக்கு வரிசை எண் போடுவது இதற்குத்தான். 200 கொடுத்து 120 வந்தால் விடுபட்ட எண்கள் எந்த நேரத்தவை, யார் கையில் இருந்தவை என்று பார்க்கலாம். அட்டையை நிரப்பினால் காபி இலவசம் என்பதும் ஆபத்துதான். ஓசிக் காபியைக் குடித்துக்கொண்டே குறை எழுத யாருக்கு மனம் வரும்? க்யூஆர் குறியீட்டை மட்டும் ஒட்டி வைத்தால் பெரியவர்கள் பலரின் கருத்து வராது.

எண்ணிக்கையிலும் ஒரு நிதானம் வேண்டும். 100 அட்டைகளில் 30 குறை என்றால், அட்டை எல்லாத் தரப்பினருக்கும் சமமாகப் போயிருந்தாலும்கூட, உண்மை நிலை ஏறக்குறைய 21-க்கும் 39-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். ஆகவே போன மாதம் 30, இந்த மாதம் 26 என்று இனிப்பு வழங்க வேண்டியதில்லை. மாடிக்கும் கீழுக்கும் இருந்ததைப் போன்ற பெரிய இடைவெளியைத்தான் நம்பி இறங்கலாம்.

நம் உணவகத்தில் மாடிக்கென்று ஒருவரை நிறுத்தினார்கள். சாம்பாரையும் சட்னியையும் முன்கூட்டியே மேசையில் வைத்துவிட்டு, தோசையை இரண்டிரண்டாக ஏற்றினார்கள். பிறகு அதே கேள்வியை, ஒரு சொல்லும் மாற்றாமல், மறுபடியும் இரண்டு முழு வாரம் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமையோடு ஒப்பிட்டுவிடக் கூடாது என்பதால்தான் முழு வாரக் கணக்கு. மாடியில் 40-க்கு 28 என்று இருந்தது 9 ஆக இறங்கியது. இரண்டாவது கேள்விக்குக் கீழே மட்டும் புதிதாக ஒரு வரி திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தது: "தோசை சூடு. சாம்பார்தான் ஆறிப்போச்சு."