முதலில் எப்சிலான், அப்புறம் N

1998-இல் அரியாங்குப்பத்தில் எனக்கு ரியல் அனாலிசிஸ் என்றால் ஒரு ஜெராக்ஸ் கட்டுதான். கல்லூரி நண்பன் கொடுத்த ரூடின் புத்தகம். பகலில் கணக்கு எழுதும் வேலை. இரவு சாப்பாடு முடிந்ததும் அதைப் பிரிப்பேன். இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டியதே இல்லை. ரூடின் அங்கேயே திறந்த கணம், காம்பாக்ட் கணம் என்று இறங்கிவிடுவார். நமக்குக் கொஞ்சமாவது பழகிய தொடர்முறைகள் மூன்றாம் அத்தியாயத்தில்தான் வரும். பயிற்சிகளுக்கு விடையும் கிடையாது. தப்பாக எழுதினால் சொல்ல ஆள் வேண்டும்.

ராமானுஜன் கார் தொகுத்த புத்தகத்தை வைத்துத் தானாகப் படித்தாரே என்பார்கள். ஏறத்தாழ 5000 முடிவுகள் கொண்ட அந்தப் புத்தகத்தில் நிரூபணம் என்று பார்த்தால் சொற்பம். நிரூபணம் எழுதப் பழக அது வழிகாட்டாது.

இன்று என் மேசையில் ஹாமக்கின் ‘புக் ஆஃப் ப்ரூஃப்’. ஆசிரியரே இணையத்தில் இலவசமாகத் தருகிறார். ஒற்றைப்படைப் பயிற்சிகளுக்கு விடையும் உண்டு. அதற்குப் பிறகு அபாட்டின் ‘அண்டர்ஸ்டாண்டிங் அனாலிசிஸ்’. அதில் தொடர்முறைதான் முன்னால், திறந்த கணம் பின்னால். இந்த இடமாற்றம்தான் என்னைக் காப்பாற்றியது.

ஒரு கணக்கு: (2n+1)/(n+3) என்பதன் எல்லை 2 என்று காட்ட வேண்டும். வித்தியாசம் 5/(n+3). நான் முதலில் எழுதியது: “ε > 5/(n+3) எனக் கொள்க.” விடை சரிபோலத் தெரிந்தது, ஆனால் அது நிரூபணமே இல்லை. ε-ஐ எதிராளி கொடுப்பான். அதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அவன் கொடுத்த பிறகு நாம் N சொல்ல வேண்டும். N இரண்டாவதாகத்தான் வரும். N = 5/ε என்று வைத்தால், n அதைத் தாண்டியதும் 5/(n+3) < 5/n < ε. அவன் 0.01 கொடுத்தால் நம் N 500. உண்மையில் 497-ஏ போதும், ஆனால் மிகச் சிறிய N-ஐ யாரும் கேட்கவில்லை. எழுதியதைச் சோதிக்க நான் இரண்டே விஷயம் பார்க்கிறேன்: முதல் வரியில் ε வந்துவிட்டதா, N-இன் சூத்திரத்துக்குள் n நுழைந்திருக்கிறதா?

போன மாதம் பரணிலிருந்து அந்த ஜெராக்ஸை இறக்கினேன். காம்பாக்ட் கணத்தின் வரையறைக்குப் பக்கத்தில் என் பென்சில் எழுத்து: “(0,1)-ஐ (−1,2) ஒன்றே மூடிவிடுகிறதே, பிறகென்ன?” அதே தப்பு! மூடியையும் எதிராளிதான் கொடுப்பான். அவன் (1/2,1), (1/3,1), (1/4,1) என்று முடிவில்லாமல் அடுக்கினால், அதிலிருந்து எத்தனை எடுத்தாலும், எண்ணிக்கை முடிவுள்ளதாக இருக்கும்வரை பூஜ்யத்தை ஒட்டி ஓர் இடைவெளி மிஞ்சும். பென்சில் குறிப்பை அழிக்கவில்லை. அதன் கீழே பேனாவால் அந்த மூடியை எழுதி வைத்தேன்.