ஒரு சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம்

எனக்குத் தெரிந்த ஒருவர் பலகாரக் கடை வைத்திருக்கிறார். தீபாவளிக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தார். கல்லூரியில் படிக்கும் மகன் போட்டுக்கொடுத்த இணையதளத்தின் முகவரி எடுப்பாகத் தெரியட்டும் என்று அச்சகத்தார் அதை முழுக்கப் பெரிய எழுத்தில் கோத்துவிட்டார்: `WWW.EXAMPLE.COM/SWEETS`. (கடையின் பெயர் வேண்டாமே; உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட பெயரைப் போட்டிருக்கிறேன்.) நோட்டீஸைப் பார்த்து அப்படியே தட்டியவர்களுக்கு 404 என்ற எண்தான் வந்தது. அப்படி ஒரு பக்கமே இல்லையாம். சின்ன எழுத்தில் தட்டினால் லட்டும் முறுக்கும் பளிச்சென்று வந்தன.

முகவரியின் இரண்டு பாதிகளை இரண்டு பேர் படிக்கிறார்கள் என்பதுதான் இதற்குக் காரணம். முதல் பாதியான தளத்தின் பெயரை டிஎன்எஸ் என்ற பெயர்ப் பதிவேடு படிக்கிறது. அதற்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். பெயருக்குப் பிறகு வரும் சாய்கோட்டிலிருந்து மிச்சமெல்லாம் அந்தத் தளத்தின் சர்வர் பாடு. பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸில் ஓடுகின்றன. லினக்ஸுக்கு `sweets` வேறு, `SWEETS` வேறு. விண்டோஸ் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. அதனால்தான் மகனின் லேப்டாப்பில் எதைத் தட்டினாலும் பக்கம் திறந்தது. சர்வரில் ஏற்றிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக மாற்றிவிட்டால் தீர்ந்ததா? யூடியூபில் அது பலிக்காது. அங்கே ஒவ்வொரு வீடியோவுக்கும் 11 எழுத்து அடையாளம் உண்டு. அதில் ஒரு எழுத்தின் அளவு மாறினாலும் அது வேறு அடையாளம்.

`www` இன்னும் வேடிக்கையானது. அது வெறும் வழக்கம். இணையத்தின் சட்டம் எதுவும் அதைக் கேட்பதில்லை. `www.example.com`, `example.com` இரண்டும் இரண்டு பெயர்கள். இரண்டையும் ஒரே இடத்துக்குக் காட்ட வேண்டியது தளத்தின் சொந்தக்காரர் வேலை. ஒன்றை மறந்தால் அந்த வாசல் திறக்காது. இரண்டும் திறந்து, தனித்தனியாகவே இருந்துவிட்டால் வேறு தொல்லை. ஒரு பெயரில் கூடையில் போட்ட அரைக் கிலோ மைசூர்பாகு, மற்றப் பெயரில் வந்து பார்த்தால் காணாமல் போகலாம். கூடையை நினைவில் வைக்கும் குக்கீயை, வேறாகச் சொல்லிவைக்காவிட்டால், கொடுத்த பெயருக்கே பிரவுசர் திருப்பிக் காட்டும். 2018இல் குரோம் பிரவுசர் முகவரிப் பட்டையில் `www`வை மறைக்கத் தொடங்கியபோது தொழில்நுட்பக்காரர்கள் சண்டைக்கு வந்தது இதனால்தான்: இரண்டு பெயர்களை ஒன்றுபோல் காட்டலாமா?

கடைசியில் வரும் சாய்கோடுதான் என் பார்வையில் மூன்றிலும் கள்ளத்தனமானது. பக்கம் திறக்கும், படங்கள் மட்டும் வராது. கடைக்காரர் மகன் பக்கத்துக்குள் படத்தை வெறும் `laddu.jpg` என்று எழுதியிருந்தார் என்று வையுங்கள். "பக்கத்து வீடு" என்று சொல்வதைப் போன்றது அது. நிற்கும் இடத்தைப் பொறுத்து வீடு மாறும். முகவரியில் கடைசிச் சாய்கோடு வரை உள்ளதையே பிரவுசர் நிற்கும் இடமாக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டுப் படத்தின் பெயரை ஒட்டும்.

```
/sweets/  →  /sweets/laddu.jpg
/sweets   →  /laddu.jpg
```

இரண்டாவது இடத்தில் லட்டு இல்லை. `sweets` என்பது ஃபோல்டராக இருந்தால், அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள் தானாகவே சாய்கோட்டைச் சேர்த்து அனுப்பிவிடும். எல்லா மென்பொருளும் அவ்வளவு கரிசனம் காட்டுவதில்லை. சில இரண்டு முகவரிக்கும் அதே பக்கத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். தளத்தின் பெயருக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை: `example.com` என்று தட்டினாலும் பிரவுசர் சாய்கோடு போட்டுத்தான் கேட்கும்.

உங்கள் தளம் எப்படி என்று பார்க்க, கட்டளைத் திரையில் இப்படிக் கேட்கலாம்:

```
curl -I https://example.com/sweets
```

பதிலின் முதல் வரியில் 301 இருந்தால், "நிரந்தரமாக இடம் மாறியது" என்று சர்வர் சொல்கிறது. புது இடம் `Location` என்ற வரியில் இருக்கும். சாய்கோட்டோடும் இல்லாமலும், `www`வோடும் இல்லாமலும் கேட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு 200 வந்து, மற்றவை 301 மூலம் அதற்கே வந்து சேர்ந்தால் சரி. எல்லாவற்றுக்கும் 200 வந்தால், ஒரே சரக்கு பல முகவரிகளில் கிடக்கிறது. எதை முதன்மையாகக் கொள்வது என்று தேடுபொறி தானே ஊகிக்க வேண்டியிருக்கும்.

கடைக்காரரால் நோட்டீஸைத் திரும்ப வாங்க முடியவில்லை. வீடு வீடாகப் போய்விட்டது. மகன்தான் அப்பாச்சி அமைப்பில் ஒரு வரி சேர்த்தார்:

```
Redirect 301 /SWEETS /sweets
```

அடுத்த தீபாவளி நோட்டீஸிலும் முகவரி பெரிய எழுத்தில்தான் வந்தது. அச்சகத்தாருக்கு அப்படித்தான் பிடிக்கும்.