தீபாவளிக்கு எத்தனை கிரைண்டர் வாங்கி வைப்பது?

செப்டம்பர் முடிகிறது. வெட் கிரைண்டர் விற்கும் ஒரு கடைக்காரர் அடுத்த மூன்று மாதங்களுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். அதிகம் வாங்கினால் முதல் முடங்கும், குறைத்து வாங்கினால் பண்டிகை நேரத்தில் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அவர் கையில் இருப்பது இரண்டு ஆண்டுகளின் பில் புத்தகம் மட்டும்தான். அதிலிருந்து எண்ணிக்கையை எப்படிக் கணிப்பது என்று ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கோடு பார்ப்போம்.

முந்தைய எட்டுக் காலாண்டுகளில் விற்றவை வரிசையாக இவை என்று வைத்துக்கொள்வோம்: 214, 196, 216, 232, 268, 259, 268, 283. முதலாவது அக்டோபர்–டிசம்பர், அதாவது தீபாவளிக் காலாண்டு. ஐந்தாவதும் அதேதான். இப்போது வரப்போகும் ஒன்பதாவதும் அதுவே.

வரைபடத்தாளில் இந்த எட்டையும் புள்ளிகளாக வைத்தால் அவை ஏறிக்கொண்டே போவது தெரியும். அவற்றின் ஊடே ஒரு நேர்கோடு வரைய வேண்டும். பத்தாம் வகுப்பில் படித்த y = mx + c தான் அந்தக் கோடு. m சாய்வு: காலாண்டுக்கு எத்தனை கிரைண்டர் கூடுகிறது என்பது. c வெட்டுத்துண்டு: கோடு எந்த உயரத்திலிருந்து புறப்படுகிறது என்பது.

கண்ணால் பார்த்து வரைந்தால் ஆளுக்கொரு கோடு வரும். அதனால் ஒரு விதி வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே தள்ளி நிற்கிறது என்று அளந்து, அந்த விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் வரும் தொகை எந்தக் கோட்டுக்கு மிகக் குறைவோ, அதுவே நமக்கு வேண்டிய கோடு. பிரெஞ்சுக் கணிதர் லெஜாந்தர் 1805இல் வெளியிட்ட இந்த வழிக்கு மீச்சிறு வர்க்க முறை என்று பெயர்.

கணக்கு கடினமில்லை. எட்டு விற்பனைகளின் சராசரி 242. 1 முதல் 8 வரையிலான காலாண்டு எண்களின் நடு 4.5. ஒவ்வொரு காலாண்டும் அந்த நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை (–3.5, –2.5 என்று தொடங்கி 3.5 வரை) அந்தக் காலாண்டின் விற்பனையால் பெருக்கிக் கூட்டினால் 504. தூரங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 42. 504ஐ 42ஆல் வகுத்தால் சாய்வு 12. சராசரியிலிருந்து 12 × 4.5 = 54ஐக் கழித்தால் வெட்டுத்துண்டு 188. கணினியில் காலாண்டு எண்களை A பத்தியிலும் விற்பனையை B பத்தியிலும் இட்டால் இரண்டே வரி:

```
=SLOPE(B2:B9,A2:A9)
=INTERCEPT(B2:B9,A2:A9)
```

ஒன்பதாம் காலாண்டுக்கு 188 + 12 × 9 = 296.

இதை நம்பி ஆர்டர் கொடுத்துவிடலாமா? அதற்கு முன் பழைய விற்பனையைக் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முதல் காலாண்டுக்குக் கோடு சொல்வது 200, விற்றது 214. ஐந்தாவதுக்குச் சொல்வது 248, விற்றது 268. மற்ற ஆறு காலாண்டுகளிலும் விற்பனை கோட்டுக்குக் கீழேயே இருக்கிறது. விலகல்கள் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தால் கோடு போதும். இங்கே இரண்டு தீபாவளியும் கோட்டுக்கு மேலே நிற்கின்றன. நேர்கோட்டுக்குப் பண்டிகை தெரியாது. 14, 20 இரண்டின் சராசரியான 17ஐ நாம்தான் சேர்க்க வேண்டும். 313 ஆகிறது.

இன்னொரு பிழையும் ஒளிந்திருக்கிறது. வரிசையின் இரு முனைகளிலுள்ள புள்ளிகளுக்குத்தான் சாய்வை மாற்றும் வலு அதிகம். நம் வரிசை தீபாவளியில் தொடங்குவதால் கோட்டின் இடது முனை மேலே தூக்கப்பட்டு, சாய்வு குறைந்துவிட்டது. சோதிப்பது எளிது. முதல் ஆண்டின் மொத்தம் 858, இரண்டாம் ஆண்டின் மொத்தம் 1078. வித்தியாசம் 220, காலாண்டுக்குச் சராசரியாக 55. ஓர் ஆண்டு இடைவெளியில் வந்த 55ஐ நான்கால் வகுத்தால் ஒரு காலாண்டின் ஏற்றம் 13.75, நாம் கண்ட 12 அல்ல. ஆண்டோடு ஆண்டை ஒப்பிடும்போது இரு பக்கமும் ஒரு தீபாவளி இருப்பதால் அதன் பாதிப்பு நீங்கிவிடுகிறது. இந்தச் சாய்வோடு 242இலிருந்து நாலரைக் காலாண்டு முன்னே போனால் ஏறக்குறைய 304. அந்தக் கோட்டுக்கு மேல் இரு தீபாவளிகளும் நின்ற உயரம் ஏறக்குறைய 20. ஆக 324.

இதுவும் பில் புத்தகம் சொல்வது மட்டுமே. சரக்கு தீர்ந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் அதில் இல்லை. அவர்களும் சேர்ந்ததுதான் தேவை. இருப்பு தீர்ந்த நாட்களைக் குறித்து வைத்திருந்தால் அந்தக் காலாண்டின் எண்ணை முதலிலேயே உயர்த்திக்கொண்டு கோடு போடலாம்.

டிசம்பர் முடிந்ததும் உண்மை விற்பனையைக் கணிப்பின் பக்கத்தில் எழுதி வையுங்கள். பண்டிகையைக் கணக்கில் சேர்த்த பிறகும் மூன்று நான்கு காலாண்டுகள் தொடர்ந்து ஒரே பக்கம் தவறினால், சந்தையின் சாய்வே மாறிவிட்டது என்று பொருள். அப்போது பழைய கோட்டை நீட்டக்கூடாது. புதிய எண்களைக் கொண்டு மறுபடி போட வேண்டும்.