திரையில் நிற்கும் வீடு அச்சில் நிற்குமா?

புதுவீடு கட்டுகிறவர்களிடம் இப்போதெல்லாம் பல இன்ஜினியர்கள் காகித பிளானோடு நிறுத்துவதில்லை. வீட்டை முப்பரிமாண மாடலாகவே கம்ப்யூட்டரில் வரைந்து, சுற்றிச் சுற்றிக் காட்டிவிடுகிறார்கள். 3டி பிரிண்டர் வைத்திருப்பவர் அதைப் பார்த்தால், இதையே சின்னதாக அச்சடித்து வரவேற்பறையில் வைக்கலாமே என்று நினைப்பார். ஆனால் அந்த ஃபைலை அப்படியே பிரிண்டருக்கு அனுப்பினால் பால்கனிக் கைப்பிடி காணாமல் போகும். ஜன்னல் கிரில் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை இருக்கும். சில சமயம் ஒரு சுவரோ கூரையோ வரவே வராது. திரையில் ஒரு குறையும் தெரியாத மாடல் இப்படி வருவதற்குக் காரணங்கள் உண்டு. அச்சடிக்கும் முன்பே அவற்றைக் கண்டுபிடித்துவிடவும் முடியும்.

திரையில் தெரியும் வீட்டுக்கு மேல்பரப்பு மட்டும்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான முக்கோணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தப் பரப்பை உண்டாக்குகிறார்கள். இந்த முக்கோணங்களின் பின்னலுக்கு மெஷ் என்று பெயர். பிரிண்டருக்கோ பரப்பு போதாது. எந்த இடத்தில் பிளாஸ்டிக் இருக்க வேண்டும், எந்த இடம் காலி என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். இதைக் கணக்கிடுவது ஸ்லைசர் என்ற மென்பொருள். மாடலை அடியிலிருந்து உச்சிவரை, பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர் இடைவெளியில், அது கிடையாக வெட்டிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு வெட்டிலும் முக்கோணங்கள் சிறு சிறு கோடுகளாகத் தெரியும். அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, சிக்குக் கோலத்தின் இழைபோல, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து மூடிக்கொள்ள வேண்டும். மூடிய வளையத்துக்கு உள்ளே பிளாஸ்டிக், வெளியே காலி. கோடு நடுவில் அறுந்திருந்தால் உள்ளே எது, வெளியே எது என்று ஸ்லைசர் ஊகிக்கத் தொடங்கிவிடும். கெட்டுப்போன அச்சுகளில் பாதிக்கு மேல் அந்த ஊகத்தால்தான் கெடுகின்றன என்பது என் எண்ணம்.

ஒரு வீட்டையே எடுத்துக்கொள்வோம். மனை 30 அடிக்கு 40 அடி, அதாவது ஏறத்தாழ 9.1 மீட்டருக்கு 12.2 மீட்டர். நூறில் ஒரு பங்காகச் சுருக்கினால் 91 மில்லிமீட்டருக்கு 122 மில்லிமீட்டர். சாதாரண வீட்டு பிரிண்டரின் தட்டில் தாராளமாக அடங்கும். இலவசமாகக் கிடைக்கும் ப்ளெண்டர் மென்பொருளில் இதைச் சரிபார்க்கலாம்.

முதல் வேலை அளவு. எஸ்.டி.எல். ஃபைலில் அலகே கிடையாது, வெறும் எண்கள்தான். ப்ளெண்டரில் 12.2 மீட்டர் என்றிருப்பது ஃபைலில் 12.2 என்று மட்டும் பதியும், ஸ்லைசர் அதை 12.2 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். வீடு விரல்நகத்தளவுக்கு வந்துவிடும். அதனால் `Scene Properties` பகுதியில் `Unit Scale` மதிப்பை 0.001 என்றும், `Length` என்பதை `Millimeters` என்றும் மாற்றிவிட்டு, வீட்டைப் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். பிறகு `Ctrl+A` அழுத்தி `Scale` என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளம் 122 மில்லிமீட்டர் என்று காட்டும். இனி திரையில் தெரியும் ஒவ்வோர் அளவும் கையில் கிடைக்கப்போகும் அளவு. கனத்தைப் பற்றிப் பேசுவதற்கே இதற்குப் பிறகுதான் பொருள் உண்டு.

அடுத்தது ஓட்டைகள். இதற்கான விதி எளிது: மூடிய மெஷ்ஷில் ஒவ்வொரு விளிம்பையும் சரியாக இரண்டு முகங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரு கனசதுரத்தைப் பாருங்கள். ஆறு பக்கமும் இரண்டிரண்டு முக்கோணமாகப் பிரிந்து 12 முக்கோணங்கள், 18 விளிம்புகள். ஒரு முக்கோணத்தை எடுத்துவிட்டால் மூன்று விளிம்புகளில் ஒரே ஒரு முகம் மிஞ்சும். அதுதான் ஓட்டையின் கரை. ஒரு விளிம்பில் மூன்று முகங்கள் வந்து சேர்ந்தாலும் கோளாறுதான். வீட்டு மாடல்களில் இது நிறைய இருக்கும், சுவரும் தளமும் சேரும் இடத்தில் வெளியே தெரியாத ஒரு முகம் உள்ளேயே தங்கிவிடுவதால்.

`Edit Mode` சென்று, புள்ளி அல்லது விளிம்புத் தேர்வில் இருந்துகொண்டு, `Select > All by Trait > Non Manifold` என்று சொடுக்கினால் இந்த விதிக்கு உட்படாத விளிம்புகள் எல்லாம் ஒளிரும். நம் வீட்டில் மூன்று விதமாக ஒளிர்கிறது. சுவர் மூலைகளில் ஒளிர்வது, பார்வைக்கு ஒட்டியிருந்தும் உண்மையில் இரண்டு புள்ளிகளாக அருகருகே நிற்கும் இடங்கள். `Merge by Distance` கட்டளைக்கு 0.01 மில்லிமீட்டர் கொடுத்தால் அவை ஒன்றாகிவிடும். ஆத்திரத்தில் ஒரு மில்லிமீட்டர் என்று கொடுத்தால் கைப்பிடிக் கம்பியின் புள்ளிகளும் சேர்ந்து கம்பியே நசுங்கிவிடும். தளத்தின் அடியில் ஒளிர்வது அந்த உள்முகங்கள், அழித்துவிடலாம். மூன்றாவதாக, போர்ட்டிகோ கூரையையும் ஜன்னல் கண்ணாடிகளையும் சுற்றி ஒளிர்கிறது. இவை ஓட்டைகளே அல்ல. வரைந்தவர் கனமே இல்லாத ஒற்றைத் தாளாக அவற்றை வைத்திருக்கிறார். இப்போதைக்கு அவற்றைத் தொட வேண்டாம்.

ஸ்லைசரில் தானாகப் பழுதுபார்க்கும் பொத்தான் இருக்கிறதே, இத்தனை பாடு எதற்கு என்று கேட்பார்கள். சின்ன ஓட்டைகளுக்கு அது நன்றாகவே உதவும். ஆனால் அது ஓட்டையை மூடப் பார்க்குமே தவிர, அது எதற்கான இடம் என்று அதற்குத் தெரியாது. சிட்அவுட்டைச் சுற்றித் திறந்து கிடக்கும் கரையைக் கண்டால், சிட்அவுட்டையே ஒரு தட்டையான பலகையால் அடைத்துவிடலாம். அதனால் பெரிய ஓட்டைகளைக் கையால் மூடுவதையே நான் விரும்புகிறேன்.

ஓட்டைகள் அடைந்த பிறகுதான் நார்மல்களைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முகத்துக்கும் முன்பக்கம், பின்பக்கம் உண்டு. முன்பக்கம் எந்தத் திசையை நோக்குகிறது என்று சொல்வதே நார்மல். வெளியிலிருந்து பார்க்கும்போது முக்கோணத்தின் மூன்று புள்ளிகளும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வரிசையாக இருந்தால் அதன் முன்பக்கம் வெளியே பார்க்கிறது என்று கணக்கு. வரிசை மாறினால் நார்மல் உள்ளே திரும்பிவிடும். பல மென்பொருள்கள் திரையில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நிறம் பூசிக் காட்டுவதால் வரைந்தவருக்கு இது தெரிவதே இல்லை. இடப்பக்க சன்ஷேடை நகலெடுத்து, கண்ணாடிப் பிம்பமாக வலப்பக்கம் திருப்பி வைக்கும்போது பல நேரம் இந்தக் கோளாறு நுழைந்துவிடுகிறது.

ஸ்லைசரின் வெட்டில் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். வளையம் ஒரு திசையில் சுற்றினால் பிளாஸ்டிக், எதிர்த்திசையில் சுற்றினால் குடைவு. பூந்தொட்டிக்குள் வெற்றிடம் வேண்டும் என்பதையும் இதே முறையில்தான் மாடல் சொல்கிறது. எனவே முழுக்கத் திரும்பிப்போன மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி அச்சில் வராமலே போகலாம், அல்லது தளத்துக்குள் ஒரு பள்ளமாகலாம். முழுசாகத் திரும்பிய ஓட்டைச் சில ஸ்லைசர்கள் தாமே சரிசெய்துவிடும். ஒரே சுவரில் சில முகங்கள் மட்டும் திரும்பியிருப்பதுதான் தொல்லை.

ப்ளெண்டரின் `Viewport Overlays` பட்டியலில் `Face Orientation` என்பதை இயக்குங்கள். பின்பக்கம் காட்டும் முகங்கள் சிவப்பாகிவிடும். வெளியிலிருந்து பார்க்கையில் சிவப்பே தெரியக்கூடாது. நம் வீட்டில் வலப்பக்க சன்ஷேடும் தண்ணீர்த் தொட்டியும் முழுச் சிவப்பு, முன்சுவரில் இரண்டு திட்டு. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து `Shift+N` அழுத்தினால், அதாவது `Recalculate Outside` கொடுத்தால், இவை திரும்பிக்கொள்ளும். போர்ட்டிகோ கூரைத் தாள் மட்டும் சிவப்பாகவே நிற்கலாம். மூடாத தாளுக்கு வெளிப்பக்கம் என்று ஒன்று இல்லாததால் மென்பொருளால் உறுதியாக முடிவெடுக்க முடியாது. `Mesh > Normals > Flip` மூலம் நாமே திருப்ப வேண்டும். ஓட்டைகளை முதலில் அடைக்கச் சொன்னதற்கும் இதுதான் காரணம்.

கடைசியில் கனம். வீட்டு பிரிண்டர்களில் பெரும்பாலும் நாசிலின் துளை 0.4 மில்லிமீட்டர். அது இழுக்கும் ஒரு கோடு ஏறத்தாழ 0.45 மில்லிமீட்டர் அகலம். தனிக்கோட்டுச் சுவர் நகம் பட்டாலே ஒடியும். இரண்டு கோடு சேர்ந்து 0.9 மில்லிமீட்டர் அளவுக்கு வந்தால்தான் தைரியமாகக் கையில் எடுக்கலாம். நம் வீட்டில் 9 அங்குலச் சுவர் 2.3 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது, கவலையில்லை. நாலரை அங்குலச் சுவர் 1.15, அதுவும் பிழைக்கும். ஒன்றரை அங்குலக் கைப்பிடிக் குழாய் 0.38 ஆகிவிடுகிறது, ஒரு கோட்டுக்கும் குறைவு. 12 மில்லிமீட்டர் கிரில் கம்பி 0.12. கண்ணாடியும் போர்ட்டிகோ கூரையும் பூஜ்யம்.

இங்கே கண்டிப்பான அளவுச்சுருக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பேன். கைப்பிடியை 1.2 மில்லிமீட்டராகத் தடிமனாக்குங்கள். நிஜத்தில் அது 12 சென்டிமீட்டர் உருளைக்குச் சமம், ஆனாலும் மேஜைமேல் உறுத்தாது. கிரிலைத் தனிக் கம்பிகளாக விடாமல், கண்ணாடி இருந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் பலகை வைத்து, அதன்மேல் 0.6 மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டைகளாகப் புடைக்கச் செய்யலாம். கம்பிகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தால்தான் இடைவெளி தெரியும். போர்ட்டிகோ கூரைக்கு `Solidify` என்ற மாடிஃபையரில் 1.2 கொடுங்கள். நார்மலுக்கு எதிர்த்திசையில்தான் அது வழக்கமாகக் கனம் சேர்க்கும். நார்மல் தலைகீழாக இருந்தால் கூரை கீழ்நோக்கி வளராமல் மேல்நோக்கி வளர்ந்து, பக்கத்துச் சுவரோடு மட்டம் தப்பிவிடும். மாடிஃபையரை `Apply` செய்தபின், ப்ளெண்டரின் துணைநிரலான `3D Print Toolbox` மூலம் ஒருமுறை சோதியுங்கள். அதில் `Thickness` அளவை 0.9 என்று வைத்தால், அதைவிட மெல்லிய முகங்களைக் காட்டிக்கொடுக்கும். கூர்மையான ஓரங்களையும் சேர்த்துக் காட்டும் என்பதால், காட்டுவதை எல்லாம் திருத்த ஓடவேண்டியதில்லை.

சன்ஷேட் மட்டும் கொஞ்சம் வேறு கணக்கு. 3 அங்குலக் கனம் 0.75 மில்லிமீட்டராகிறது. அது படுத்த நிலையில் இருப்பதால் நாசில் அகலம் அதற்குப் பொருட்டல்ல, அடுக்கின் உயரம்தான் கணக்கு. 0.2 மில்லிமீட்டர் அடுக்கில் நான்கு அடுக்காக வரும். அடியில் முட்டுக்கொடுத்த பிளாஸ்டிக்கைப் பிய்த்தெடுக்கும்போது ஓரம் உடையாதிருக்க, ஐந்து அடுக்காக, ஒரு மில்லிமீட்டராக்குவது நல்லது.

கடைசிச் சோதனை ஸ்லைசரில். மாடலைப் பார்த்துத் திருப்தியடையாமல், வெட்டியபின் கிடைக்கும் அடுக்குக் காட்சிக்குச் சென்று, பக்கத்திலுள்ள நகர்த்தியை அடியிலிருந்து மெதுவாக மேலே இழுங்கள். ஜன்னல் உயரத்தில் கிரில் பட்டைகள் கோடுகளாக இருக்கின்றனவா, கைப்பிடியின் தூண்கள் ஒவ்வோர் அடுக்கிலும் தொடர்கின்றனவா, தொட்டிக்குள் நிரப்பு விழுகிறதா என்று பாருங்கள். இங்கே இல்லாதது அச்சிலும் இருக்காது. எல்லாம் சரியாக இருந்தாலும் முழு வீட்டையும் உடனே போடாமல், பால்கனி மூலையை மட்டும் வெட்டியெடுத்து முதலில் அச்சடியுங்கள். அந்தத் துண்டைத் தட்டிலிருந்து எடுக்கையில் கைப்பிடி ஒடிந்தால், 1.2 மில்லிமீட்டரை 1.6 ஆக்கிவிட்டு மறுபடி ஒரு மூலை.